மாலை 7 மணியும் டே எண்டும்: கிளியரிங் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு வங்கியின் கிளியரிங் பிரிவுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். கவுண்டர் வேலை தெரியும், இது புதிது. தினமும் சாயங்காலம் கிளியரிங் கணக்கில் ஏதாவது ஒரு தொகை மிஞ்சி நிற்கிறது, டே எண்ட் தாமதமாகிறது. எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும்? வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்:

உங்கள் பிரிவில் ஒரே நாளில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று என்.பி.சி.ஐ. நடத்தும் கிளியரிங் ஹவுஸின் கடிகாரம். மற்றது உங்கள் வங்கியின் கோர் பேங்கிங் கடிகாரம், அதாவது டே எண்ட். முதலாவது யாருக்காகவும் நிற்காது. இரண்டாவதை மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து சிறிது நேரம் தள்ளிவைக்கலாம். ஆகவே சாயங்காலம் எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற குழப்பம் வந்தால், கிளியரிங் ஹவுஸின் 7 மணிக் கெடுவுக்கு உட்பட்ட வேலையை முடித்துவிட்டு டே எண்டுக்கு உட்பட்டதைத் தொடுங்கள்.

2025 அக்டோபர் 4-க்கு முன்னால் காலையில் ஸ்கேன் செய்து அனுப்பிய செக்குகள் கட்டுக்கட்டாகப் போகும். மொத்தத் தொகைக்கும் செட்டில்மென்ட் நடக்கும். திரும்பி வருபவை பிறகு தனியாகக் கழியும். அந்த நாளிலிருந்து ரிசர்வ் வங்கி தொடர் கிளியரிங்கைக் கொண்டுவந்தது. ஸ்கேன் செய்த செக்கின் படம் அவ்வப்போதே கிளியரிங் ஹவுஸுக்குப் போகிறது, அங்கிருந்து பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்கும் உடனே போய்விடுகிறது. அந்த வங்கி ஒவ்வொரு செக்குக்கும் பாஸ் அல்லது ரிட்டர்ன் என்று பதில் சொல்ல வேண்டும். பாஸ் ஆனவற்றுக்கு மட்டும் மணிக்கு ஒரு முறை செட்டில்மென்ட் நடக்கிறது. செட்டில்மென்ட் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் கணக்கில் பணம் சேர்ந்திருக்க வேண்டும்.

செக் அனுப்பும் நேரம் முதலில் 10 முதல் 4 வரை என்று இருந்தது. 2026 ஜனவரி முதல் அது 9 முதல் 3 வரை. பதில் சொல்லும் நேரம் மட்டும் மாலை 7-இல் முடிவதில் மாற்றமில்லை. 3 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இரண்டாம் கட்டம் ஜனவரியில் வருவதாக இருந்து தள்ளிவைக்கப்பட்டது. ஆகவே இப்போது உங்கள் கெடு 7 மணி. அதற்குள் பதில் போகாத செக் பாஸ் ஆனதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும், கையெழுத்து பொருந்தாவிட்டாலும் உங்கள் வங்கியின் பணம் போய்விடும். பதில் சொல்லாமல் விட்ட ஒரு செக்குக்காக மறுநாள் எதிர் வங்கியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கும் நிலை இங்கிருந்துதான் வருகிறது.

முதலில் இன்வேர்டு, அதாவது உங்கள் வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்து வேறு வங்கி வழியாக உங்களிடம் வரும் செக். திரையில் உங்களுக்குக் கிடைப்பது படம் மட்டும்தான்: முன்பக்கத்தின் சாம்பல் நிறப் படம், முன்பக்கத்தின் கறுப்பு வெள்ளைப் படம், பின்பக்கத்தின் கறுப்பு வெள்ளைப் படம். தாள் உங்கள் கைக்கு வரவே வராது. அதனால் புற ஊதா விளக்கில் வங்கியின் சின்னம் ஒளிர்கிறதா என்று பார்க்கும் வேலை செக்கை வாங்கிய வங்கியுடையது. உங்களுடைய வேலை தேதி, பெறுபவர் பெயர், எழுத்திலும் எண்ணிலும் உள்ள தொகை, கையெழுத்து, ஸ்டாப் பேமென்ட், இருப்பு ஆகியவை. இவற்றோடு பலர் விட்டுவிடும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் எழுதியிருக்கும் தொகையும் எதிர் வங்கி டைப் செய்து அனுப்பிய தொகையும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். மென்பொருள் கழிப்பது டைப் செய்த தொகையைத்தான். இதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குக்குப் பாசிட்டிவ் பே உண்டு. செக் எழுதியவர் எண், தேதி, பெறுபவர், தொகை ஆகியவற்றை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்திருந்தால், வரும் செக்கோடு அது ஒப்பிடப்படும். மாறுபட்டால் திரையில் கொடி காட்டும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி முதல் விட்டிருக்கிறது. உங்கள் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயமாக்கிய வங்கியில், தகவல் தராத வாடிக்கையாளரை மதியத்துக்குள் போனில் பிடித்தால் அன்றே முடிக்கலாம். மாலை 6 மணிக்குக் கூப்பிட்டால் அவர் கடலில் இருப்பார் அல்லது கல்யாணத்தில் இருப்பார். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் படகு உரிமையாளர்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைகளில் இது தினமும் நடக்கிற விஷயம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். மார்த்தாண்டம், குழித்துறை வியாபாரிகளின் செக்கில் தொகை மலையாளத்தில் எழுதப்பட்டிருப்பது சாதாரணம், கையெழுத்தும் மலையாளமாக இருக்கலாம். வட்டார மொழியில் எழுதுவது தவறல்ல. எண்ணில் உள்ள தொகையை மட்டும் பார்த்து பாஸ் கொடுப்பதுதான் தவறு. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பிரிவில் இருந்தால் அந்தச் செக்குகளை அவரிடம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் அந்தக் கிளைக்கே படத்தை அனுப்பி உறுதி வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் மாறுபடுவது என்ற ரிட்டர்ன் காரணம் இந்த இடத்தில்தான் தப்பிப்போகும்.

இன்வேர்டில் நடக்கும் இரண்டு பெரிய பிழைகளும் வரிசைப் பிழைகள். வாடிக்கையாளர் கணக்கில் தொகையைக் கழிப்பதற்கு முன் கிளியரிங் ஹவுஸுக்குப் பாஸ் என்று அனுப்புவது முதலாவது. காலை 11 மணிக்கு இருப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாஸ் அனுப்புகிறீர்கள், கழிக்கும் பதிவு மதியம் நடக்கிறது. நடுவில் அவர் ஏ.டி.எம்.மிலோ யு.பி.ஐ.யிலோ பணத்தை எடுத்துவிடுகிறார். பாஸை இனிமேல் திரும்ப எடுக்க முடியாது. கழித்த பிறகே பாஸ் என்பதை மாற்றக்கூடாத வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இதற்கு நேர் எதிர். கழித்துவிட்டீர்கள், பிறகு கையெழுத்து வேறுபாட்டால் ரிட்டர்ன் அனுப்புகிறீர்கள், கழித்ததைத் திருப்பிப் போட மறந்துவிடுகிறீர்கள். வாடிக்கையாளர் பணம் போனது போலவே தெரியும், செக்கும் திரும்பிப் போயிருக்கும். சாயங்காலம் கிளியரிங் கணக்கில் அந்தச் செக்கின் தொகை அப்படியே வரவு இருப்பாக நிற்கும்.

பணம் போதாமல் நிற்கும் செக்குகளை எப்படி நடத்துவது என்பது அவரவர் பொறுப்புணர்வைப் பொறுத்தது. 3 மணிக்கே எல்லாவற்றையும் பணம் போதாது என்ற 01 காரணத்தோடு திருப்பி அனுப்பிவிடலாம், வேலை முடிந்துவிடும். ஆனால் ரப்பர் ஷீட் வியாபாரிக்கும் தோவாளை பூ வியாபாரிக்கும் அன்றைய பணம் சாயங்காலம்தான் கணக்கில் சேரும். செக் திரும்பினால் கட்டணம் போகட்டும், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு நோட்டீஸ் வரையும் போகும். என் கருத்து இது: போதாமல் நிற்பவற்றை ஒரு பட்டியலாக எடுத்து, மதியம் ஒரு முறை கிளைகளுக்கு அனுப்புங்கள். 5 மணிக்கு இன்னொரு முறை இருப்பைப் பார்த்து முடிவெடுங்கள். 6 மணிக்கு மேல் ஒன்றையும் நிறுத்திவைக்காதீர்கள். 6:50-க்கு இணைப்பு அறுந்தால் மீதி 10 நிமிடத்தில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அந்தச் செக் பாஸ் ஆகிவிடும். 6 மணிக்குத் திரையில் பதில் போகாதவை என்ற எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்தத் திரையை அச்செடுத்து வையுங்கள்.

இனி அவுட்வேர்டு. உங்கள் வாடிக்கையாளர் போட்ட, வேறு வங்கியின் மேல் எழுதப்பட்ட செக்குகள் இவை. பெட்டியில் விழுந்ததிலிருந்து கணக்கில் சேர்வது வரை ஒரே செக்கின் தொகை இரண்டு இடங்களில் பதிவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் தினசரி வித்தியாசத்தில் பாதி புரிந்துவிடும். ஒன்று கோர் பேங்கிங்கில் சலானை வைத்துப் போடும் பதிவு. இதை வைத்துத்தான் வாடிக்கையாளருக்குப் பணம் சேரும். இன்னொன்று ஸ்கேன் மென்பொருளில் படத்தைப் பார்த்துப் போடும் பதிவு. இதை வைத்துத்தான் மற்ற வங்கியிடமிருந்து பணம் வரும். சில வங்கிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு தானாகப் போகும். நீங்கள் தினமும் வித்தியாசம் தேடுகிறீர்கள் என்றால் உங்கள் வங்கியில் இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கேனரில் போடும் முன் செக்கின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். காந்த மையில் அச்சிட்ட எண்கள்: முதலில் 6 இலக்க செக் எண், அடுத்து 9 இலக்க எம்.ஐ.சி.ஆர். எண், பிறகு 6 இலக்கம், கடைசியில் 2 இலக்கப் பரிவர்த்தனைக் குறியீடு. 9 இலக்கத்தில் முதல் 3 ஊர், அடுத்த 3 வங்கி, கடைசி 3 கிளை. நம் ஊர் 629 என்று தொடங்கும், பின்கோடு போலவே. அந்தப் பட்டையில் முத்திரை பட்டாலோ, பின் குத்தினாலோ, பேனாவால் கோடு போட்டாலோ ஸ்கேனர் ஒரு இலக்கத்தை விட்டுவிடும். அதைக் கையால் திருத்தும்போது ஓர் எண் மாறினால் செக் தவறான வங்கிக்கே போய்ச் சேரும். அங்கிருந்து திரும்பி, மறுபடி அனுப்பி, பணம் சேர ஒரு நாள் தாமதம். செக்கை வாங்கும் கவுண்டரில் முத்திரையை மேலே வையுங்கள் என்று சொல்லிவிடுவது பின்னால் வரும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

2 லட்சத்துக்கு மேற்பட்ட செக்கைப் புற ஊதா விளக்கில் காட்டிவிட்டே ஸ்கேன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கி 2014-இல் மோசடித் தடுப்புக்காகச் சொன்ன அளவு அது. தாளைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான் என்பதால் போலித் தாளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் உங்களிடமே இருக்கிறது. செலாவணி முறிச் சட்டமும் 131-ஆம் பிரிவின் விளக்கத்தில் அந்தக் கவனத்தை வாங்கிய வங்கியின் மேல்தான் வைக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. சலான்படி கோர் பேங்கிங்கில் போட்ட செக்குகள் 64, மொத்தம் 38,46,200 ரூபாய். சாயங்காலம் வாடிக்கையாளர்களுக்கு வரவு வைத்தது 62 செக்குகள், 37,86,200. இரண்டை ரிட்டர்ன் என்று குறித்துவிட்டீர்கள், அவை 45,000-மும் 15,000-மும், ஆக 60,000 குறைந்தது. ஆனால் அன்று முழுவதும் வந்த மணிக்கணக்கு செட்டில்மென்ட் அறிக்கைகளைக் கூட்டினால் 61 செக்குகள், 37,31,500 ரூபாய்தான். கிளியரிங் கணக்கில் 54,700 பற்று இருப்பாக நிற்கிறது. வாடிக்கையாளருக்குக் கொடுத்தது அதிகம், வெளியிலிருந்து வந்தது குறைவு.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் 54,700 என்ற செக்கைத் தேடத் தொடங்குவார்கள். இல்லாத செக்கை ஒரு மணி நேரம் தேடுவார்கள். தொகையை விடுங்கள், முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 62-க்கும் 61-க்கும் ஒன்று வித்தியாசம். அதாவது ஏதோ ஒரு செக் முழுதாக ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. அன்றைய ரிட்டர்ன் அறிக்கையை எடுத்தால் 3 செக்குகள் திரும்பியிருக்கும்: 45,000, 15,000, 52,000. கடைசியது மாலை 6:30-க்கு வந்தது, குறிக்கப்படவில்லை. தொடர் கிளியரிங்கில் திரும்பிய செக்குக்கு செட்டில்மென்ட் நடப்பதே இல்லை என்பதால், இங்கே வெளியிலிருந்து பணம் வந்து திரும்பிப் போகாது. குறிக்க மறந்தால் நேராக உங்கள் வங்கிப் பணம் வாடிக்கையாளருக்குப் போகும். 52,000-ஐத் திருப்பிப் போட்டால் 61-க்கு 61, மிச்சம் 2,700.

எண்ணிக்கை சரியாகி, தொகை மட்டும் மாறினால் ஏதோ ஒரு செக்கின் தொகை இரண்டு இடத்திலும் வேறுவேறாகப் பதிவாகியிருக்கிறது. வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். 2,700-ஐ வகுத்தால் 300, மிச்சமில்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி டைப் செய்தால் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் வகுபடும். இது எவ்வளவு உதவும் என்றால், எங்கே மாறியது என்பதையும் சொல்லிவிடும். ஆயிரம், நூறு இடங்கள் மாறினால் வித்தியாசம் 900-இன் மடங்கு. 2,700 என்பது 900-இன் 3 மடங்கு. ஆகவே ஆயிரத்து இலக்கத்துக்கும் நூற்று இலக்கத்துக்கும் வித்தியாசம் 3 உள்ள செக்கைத் தேடுங்கள். 61-இல் அப்படிப்பட்டவை நான்கோ ஐந்தோதான் இருக்கும். அவற்றில் ஒன்று 48,500. ஸ்கேன் பதிவில் 45,800. படத்தைத் திறந்தால் எட்டும் ஐந்தும் மாறியிருப்பது தெரியும். ஐந்து நிமிட வேலை.

9 ஆல் வகுபடுவது மட்டும் இலக்க மாற்றத்தை நிரூபிக்காது, சுழியத்தை விட்டு 5,000-ஐ 500 என்று போட்டாலும் 4,500 வரும், அதுவும் வகுபடும். ஆகவே முதலில் இலக்க மாற்றம், பிறகு விட்டுப்போன சுழியம் என்று தேடுங்கள். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு செக் இருந்தால் அது வேறு கதை. வரவு வைக்க வேண்டியதைப் பற்று வைத்தோ, பற்று வைக்க வேண்டியதை வரவு வைத்தோ இருக்கிறீர்கள், வித்தியாசம் இரட்டிப்பாகும்.

இந்த 2,700-ஐ எப்படிச் சரிசெய்வது? பணம் கொடுத்த வங்கி 45,800-ஐ மட்டும் அதன் வாடிக்கையாளரிடம் கழித்திருக்கிறது. அவர்களும் படத்தை ஒப்பிடாமல் பாஸ் கொடுத்திருக்கிறார்கள், மேலே சொன்ன அந்த ஒரு பார்வை அங்கே விட்டுப்போனது. உங்கள் வாடிக்கையாளர் கணக்கில் 48,500 சேர்ந்திருக்கிறது, அது அவருக்கு உரிய தொகை. தவறு வங்கியுடையது என்பதால் அவர் கணக்கைத் தொடாமல், மேலாளர் அனுமதியோடு 2,700-ஐ வரவேண்டிய தொகைக்கான உள் கணக்குக்கு மாற்றுவதே நியாயம் என்று நினைக்கிறேன். உங்கள் வங்கி விதி வேறாகச் சொன்னால் அந்த வாடிக்கையாளருக்கு முதலில் போன், பிறகு பதிவு. மறுநாள் காலை செக்கின் படத்தோடு எதிர் வங்கிக்கு எழுதி மீதி 2,700-ஐக் கேளுங்கள். 52,000 விஷயத்தில் அப்படியில்லை. அந்தச் செக்குக்குப் பணமே வரவில்லை, வாடிக்கையாளர் கணக்கிலிருந்து திருப்பி எடுத்தாக வேண்டும். ஆகவே அன்றே எடுங்கள், இரவு யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டால் அது வசூல் கேஸாகிவிடும்.

இப்படி ஒரு வித்தியாசம் வராமல் தடுக்கும் இடம் சாயங்காலத்தில் இல்லை, மதியத்தில் இருக்கிறது. பேட்சை அனுப்பும் முன் சலான்களின் கூட்டலையும் ஸ்கேன் பதிவின் கூட்டலையும் ஒப்பிட்டால் 45,800 வெளியே போகவே போகாது. ஒரு பேட்சில் 20, 25 செக்குகளுக்கு மேல் வைக்காதீர்கள். 100 செக் பேட்சில் வித்தியாசம் வந்தால் தேட மனம் வராது, அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று தோன்றும். தொகையை இரண்டாவது ஆள் போடும்போது முதல் ஆள் போட்டது திரையில் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் படத்தைப் பார்க்காமல் அதையே அடித்துவிடுவார். சரிபார்ப்பவர் பெயர் மட்டும் பதிவாகும், சரிபார்ப்பு நடக்காது.

இனி டே எண்ட். இதைத் தடுத்து நிறுத்துபவை மூன்றுதான். ஒருவர் போட்டு இன்னொருவர் அங்கீகரிக்காத பதிவுகள் ஒன்று. கோர் பேங்கிங்கில் அன்றைய செக்குகளைச் சேர்த்துவைக்கும் கிளியரிங் சோன் மூடாமல் இருப்பது இன்னொன்று. பூஜ்யமாகாத கிளியரிங் கணக்கு மூன்றாவது. முதலாவது கோர் பேங்கிங்கிலேயே பட்டியலாக வரும், 5 மணிக்கு ஒரு முறையும் கடைசி செட்டில்மென்டுக்குப் பிறகு ஒரு முறையும் எடுங்கள். சோனை மூடும் முன் அதில் ஷேடோ பேலன்ஸாக நிற்கும் தொகை எல்லாம் உண்மையான வரவாகவோ ரிட்டர்னாகவோ மாறியிருக்க வேண்டும். ஷேடோவில் ஒன்று மிஞ்சினால் வாடிக்கையாளருக்கு இருப்பு தெரியும், எடுக்க முடியாது. மறுநாள் காலை முதல் போன் அதுவாகத்தான் இருக்கும். மூன்றாவதை மேலே பார்த்தோம்.

டே எண்ட் ஓடிவிட்டால் வங்கியின் தேதி மாறும். அதற்குப் பிறகு போடும் பதிவு மறுநாள் தேதியில் விழும். அதனால்தான் 7 மணிக்குப் பிறகு வரும் கடைசி செட்டில்மென்ட் அறிக்கைக்குக் காத்திருந்து, அதன் வரவுகளைப் போட்டுவிட்டுப் பிறகு சோனை மூட வேண்டும். அவசரத்தில் 6:30-க்கே மூடினால் கடைசி மணிக்கான தொகை கிளியரிங் கணக்கில் இரவு முழுவதும் நிற்கும். வித்தியாசம் இல்லாத நாளிலும் வித்தியாசம் இருப்பது போலத் தெரியும். உங்களுக்குத் தினமும் மிஞ்சுவதில் எத்தனை நாள் இந்த ஒரே காரணத்தால் என்று கடந்த வார அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மிஞ்சிய தொகையும் அன்றைய கடைசி செட்டில்மென்ட் தொகையும் ஒன்றாக இருந்தால் பிழையே இல்லை, மூடும் நேரம்தான் தவறு.

ரிட்டர்ன் மெமோவையும் கட்டணத்தையும் அன்றே முடியுங்கள். செக்கைப் போட்டவருக்கு 138-ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்ப, வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாட்கள்தான் உண்டு. மெமோவில் தேதி தவறினால் அவர் வழக்கே சிக்கலாகும். 01, 12 போன்ற காரண எண்ணைச் சரியாகப் போடுங்கள். வேறு காரணம் என்று 88 போட்டால் என்ன காரணம் என்பதை எழுத்தில் சேருங்கள்.

விடுமுறை பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடும்போது, அந்த அறிவிப்பின் கடைசி வரியையும் படியுங்கள். செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் அறிவிக்கப்படவில்லை என்று இருந்தால் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும்தான் விடுமுறை, வங்கி உண்டு, கிளியரிங்கும் உண்டு. அந்த நாளில் ஆள் குறைவாக வருவார்கள், 7 மணிக்கெடு அப்படியே இருக்கும். முந்தைய நாளே யார் இன்வேர்டு பார்ப்பது என்று எழுதிவையுங்கள்.

கடைசியாக அன்றைய தாள்கள். ஸ்கேன் செய்த செக்குகள் உங்களிடமே தங்கும், 10 வருடம் பாதுகாக்க வேண்டும். கட்டும் முன் எண்ணுங்கள்: மேலே சொன்ன நாளில் 64 இருக்க வேண்டும், அவற்றில் திரும்பிய 3 தனியாக எடுத்து, மெமோவோடு வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். மீதி 61-ஐ பேட்ச் எண்ணும் தேதியும் எழுதிய தாளைச் சுற்றிக் கட்டி அறையில் வையுங்கள். அந்த 48,500 செக்கின் பேட்ச் எண்ணை உள் கணக்குப் பதிவின் விவரத்தில் சேர்த்துவிடுங்கள், எதிர் வங்கி தாளைக் கேட்டால் எந்தக் கட்டு என்று தேட வேண்டியிருக்காது.